எத்தனை தலை, தலைக்கு எவ்வளவு: கடையின் தினசரித் தாளை வாசிப்பது எப்படி?

நம்மில் பலருக்குச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் சொந்தம் ஒருவராவது இருப்பார். பிரிக்பீல்ட்ஸில் ஒரு சித்தப்பா, கிள்ளான் ஜாலான் துங்கு கிளானாவில் ஒரு மாமா என்று. எனக்கு சாலாக் செலாத்தானில் பெரியப்பா. வாழையிலைச் சாப்பாட்டுக் கடை, அறுபது நாற்காலி. காலையில் தோசை, மத்தியானம் இலை, மாலையில் தே தாரிக்கும் வடையும். "கடை எப்படிப் போகுது?" என்று கேட்டால் பதில் எப்போதும் கல்லாவிலிருந்து வரும்: "நேத்து மூவாயிரம் அடிச்சோம்டா." பெரும்பாலான கடைகளில் எழுதி வைப்பதும் இந்த ஒரு எண்ணைத்தான். இந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து ஏன் எதையும் முடிவு செய்ய முடியாது, அதை இரண்டாகப் பிரித்தால் என்ன தெரியும் என்பதுதான் இந்தப் பாடம்.

நான் இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு. போன வருடக் கடைசி விடுமுறையில் பெரியப்பா கடைக்காக ஒரு தாள் போட்டுக் கொடுத்தேன். அன்று முதல் தினமும் எழுதி வருகிறார்கள். இங்கே வரும் எண்கள் அந்தத் தாளின் போக்கில் உள்ளவை. ஆனால் கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று உருட்டி மாற்றியிருக்கிறேன்.

அடிப்படை மிகச் சின்னது. விற்பனை என்பது வந்து உட்கார்ந்து சாப்பிட்டவர்களின் எண்ணிக்கையை ஒருவர் சராசரியாகச் செலவழித்த தொகையால் பெருக்கினால் வருவது. பெரிய ஹோட்டல்களில் அந்த எண்ணிக்கையை 'கவர்' என்பார்கள். பெரியப்பா கடையில் அதற்குப் பெயர் 'தலை'. தலையும், தலைக்குச் செலவும் தனித்தனிக் காரணங்களால் ஏறும், இறங்கும். ஒன்று ஏறி மற்றது இறங்கினால் கல்லாவில் எதுவுமே நடக்காதது போலத் தெரியும்.

தலையை எண்ணுவதில்தான் முதல் சிக்கல். ஐந்து பேர் குடும்பமாக வந்து ஒரே பில் கட்டுவார்கள். கல்லா இயந்திரம் பில் திறக்கும்போது Pax என்று கேட்கும். எத்தனை பேர் என்று அடிக்க வேண்டும். அவசரத்தில் பணியாளர் 1 அடித்து விட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவார். அப்படி ஆன நாளைக் கண்டுபிடிப்பது சுலபம். மத்தியானச் சாப்பாட்டில் ஒருவர் 70, 80 ரிங்கிட்டுக்குச் சாப்பிட்டதாக பில்கள் வரிசையாக நிற்கும். இலைச் சாப்பாட்டுக் கடையில் தனி ஆள் அவ்வளவு சாப்பிட மாட்டார், எவ்வளவு பசி என்றாலும்.

ஆனால் நம் கடைகளுக்கு வேறு எந்த உணவகத்துக்கும் இல்லாத ஒரு வசதி உண்டு. இலை! ஒரு தலைக்கு ஓர் இலை. காலையில் வெட்டித் துடைத்து அடுக்கிய இலை 150. மூடும்போது மீதி 22. கிழிந்து எறிந்தது 6. அப்படியென்றால் 122 இலை போட்டிருக்கிறோம். பணியாளர்கள் சாப்பிட்டது 4 போக 118. இயந்திரம் 117 தலை என்கிறது. இது நல்ல பொருத்தம். ஒன்றிரண்டு வித்தியாசம் வரத்தான் செய்யும். குழந்தைக்கென்று தனி இலை கேட்பவர்கள் உண்டு, அதற்குக் காசு வாங்குவதில்லை. ஆனால் இயந்திரம் 98 என்று சொன்னால் Pax சரியாக அடிக்கப்படவில்லை, அல்லது சில மேசைகளுக்கு பில்லே போடப்படவில்லை. இரண்டில் எது என்று தெரிய, அன்றைய பில்களைப் புரட்டினால் போதும். தனி ஆள் பில்கள் வழக்கத்துக்கு மாறாகப் பெரிதாக இருந்தால் முதலாவது. பில்கள் இயல்பாக இருந்தும் எண்ணிக்கை குறைந்தால் இரண்டாவது. யாரையும் சந்தேகப்படுவதற்கு முன்னால் இதைப் பார்த்து விட வேண்டும்.

அடுத்தது, எந்தப் பணத்தைச் சேர்ப்பது? உட்கார்ந்து சாப்பிட்டவர்களின் பணத்தை மட்டும். புங்குஸ், அதாவது கட்டிக்கொண்டு போகிறவர்களுக்குத் தலை கிடையாது. ஒரே ஆள் வந்து எட்டுப் பொட்டலம் வாங்கிப் போவார். அந்தப் பணத்தையும் உள்ளே சேர்த்தால் தலைக்குச் செலவு பொய்யாக ஏறும். செயலி வழியாகப் போகும் சாப்பாடும் அப்படித்தான், அதில் கமிஷன் வேறு கழியும். இரண்டுக்கும் தனிப் பத்தி. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது கடையில் உட்கார்ந்து சாப்பிடத் தடை வந்தது நினைவிருக்கும். அன்றைக்குத் தலை சுழியம், பொட்டலம் மட்டும் ஓடியது. இரண்டையும் கலந்து எழுதிய கடைகளின் பழைய கணக்கில், அதற்குப் பிறகு மேசைக்கு ஆட்கள் எந்த வேகத்தில் திரும்பினார்கள் என்று பார்க்க வழியே இல்லை.

சேவை வரியையும் கழித்து விட வேண்டும். பன்னிரண்டு மாத விற்பனை 15 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டும் உணவகம் அதற்குப் பதிவு செய்ய வேண்டும். 2024 மார்ச் 1-இல் பல சேவைகளுக்கு வரி 8 விழுக்காடாக உயர்ந்தபோதும் உணவகங்களுக்கு 6 விழுக்காடாகவே இருந்தது. பதிவு பெற்ற கடையில் பில்லின் அந்தப் பகுதி கடையின் பணம் அல்ல. அதைச் சேர்த்து எழுதினால், பதிவான மாதத்தில் எல்லாரும் திடீரென்று தாராளமாகச் செலவு செய்ததாகத் தாள் சொல்லும்.

தாளில் ஏழு பத்திகள்தான்: A தேதி, B கிழமை, C வேளை, D தலை, E மேசை விற்பனை, F பொட்டலமும் செயலியும், G குறிப்பு. ஒரு நாளைக்குக் காலை, மத்தியானம், மாலை என்று மூன்று வரி. ஏன் நாளுக்கு ஒரு வரி போதாது? இந்தக் கணக்கைப் பாருங்கள். ஒரு மாதம் சராசரியாகக் காலையில் 60 தலை, தலைக்கு 7 ரிங்கிட். மத்தியானம் 110 தலை, தலைக்கு 16 ரிங்கிட். மாலையை இப்போதைக்கு விட்டுவிடுவோம். மொத்தம் 170 தலை, 2,180 ரிங்கிட், தலைக்கு 12.82. சில மாதம் கழித்துக் காலையில் 100 தலை, தலைக்கு 7.20. மத்தியானம் 112 தலை, தலைக்கு 16.20. இரண்டு வேளையிலும் ஆட்கள் கூடியிருக்கிறார்கள், செலவும் கூடியிருக்கிறது. ஆனால் நாள் முழுவதற்கும் போட்டால் 212 தலை, 2,534.40 ரிங்கிட், தலைக்கு 11.95! இறங்கிவிட்டது. தோசைக்கு வருகிறவர்கள் அதிகமானதால் மொத்தச் சராசரி கீழே இழுக்கப்பட்டதே தவிர, யாரும் குறைவாகச் செலவழிக்கவில்லை. வேளை பிரிக்காத தாளைப் பார்த்தவர், நன்றாகப் போகும் கடைக்கு மருந்து தேடுவார்.

இதே மாதிரி இன்னொரு பொறி, வாரச் சராசரி எடுக்கும்போது வரும். திங்களில் 100 பேர் தலைக்கு 14, சனியில் 250 பேர் தலைக்கு 18 என்றால் சராசரி 16 அல்ல. 5,900 ரிங்கிட்டை 350-ஆல் வகுத்து வரும் 16.86. எப்போதும் மொத்தப் பணத்தை மொத்தத் தலையால்தான் வகுக்க வேண்டும்.

இனி வாசிப்பு. பெரும்பாலானோர் இன்றைய கணக்கை நேற்றோடு ஒப்பிடுவார்கள். வியாழனுக்குப் பிறகு வெள்ளி வந்தால் எப்போதும் மாற்றம் இருக்கும். அது கிழமையின் குணம். திங்களைத் திங்களோடுதான் வைக்க வேண்டும். அதிலும் ஒரே ஒரு திங்கள் போதாது. 120 பேர் வரும் கடையில் எந்தக் காரணமும் இல்லாமலே எண்ணிக்கை ஆடும். புள்ளியியலில் ஒரு கைக்கணக்கு உண்டு. தனித்தனியாக வரும் ஆட்களின் எண்ணிக்கை ஏறத்தாழ அதன் வர்க்க மூலம் அளவுக்கு ஆடும். 120-க்கு அது 11. நம் மக்கள் தனியாக எங்கே வருகிறார்கள், கூட்டமாகத்தானே! ஆகவே உண்மையான ஆட்டம் இதைவிடப் பெரியது. பெரியப்பா தாளில் திங்கள் முதல் வியாழன் வரை மத்தியானத் தலை 104-இலிருந்து 137 வரை போய்வந்திருக்கிறது. ஒரு நாள் பத்துப் பேர் குறைந்ததற்குச் சமையற்காரரைத் திட்டுவதில் அர்த்தமில்லை. நான்கு வாரம், அந்த நான்கு கிழமைகள், மொத்தம் 16 நாள் சேர்த்து எடுத்தால் ஆட்டம் நான்கில் ஒன்றாகச் சுருங்கும். அப்போது பத்துப் பேர் குறைவது கவனிக்க வேண்டிய செய்தி.

தாளில் இதற்கான சூத்திரம் கீழே. H1-இல் கடைசித் தேதியை வைத்தால், அதுவரையான 28 நாட்களில் வந்த திங்கட்கிழமை மத்தியானங்களின் தலைக்குச் செலவு வரும். B பத்தியில் Mon, C பத்தியில் Lunch என்று ஒரே மாதிரி எழுதி வர வேண்டும்.

```
=SUMIFS(E:E,B:B,"Mon",C:C,"Lunch",A:A,">"&H1-28,A:A,"<="&H1)
/SUMIFS(D:D,B:B,"Mon",C:C,"Lunch",A:A,">"&H1-28,A:A,"<="&H1)
```

ஆங்கில நாட்காட்டி மட்டும் போதாது என்பது நம் கடைகளுக்கே உரிய விஷயம். தீபாவளி 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20. கிள்ளானில் தீபாவளிச் சாமான் வாங்க வரும் கூட்டத்தால் ஓடும் கடை, இந்த அக்டோபரைப் போன அக்டோபரோடு ஒப்பிட்டால் என்ன கிடைக்கும்? 'தீபாவளிக்கு முன் மூன்றாம் வாரம்' என்று எண்ணி ஒப்பிட வேண்டும். தைப்பூசம் 2024-இல் ஜனவரி 25, 2025-இல் பிப்ரவரி 11. ரமலான் ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ 11 நாள் முன்னே நகரும். அலுவலகத்திலிருந்து எல்லா இனத்தவரும் சேர்ந்து வரும் பிரிக்பீல்ட்ஸ் கடைகளில், அந்த மாத மத்தியானம் மேசைக்கே ஆள் குறையும். இவற்றையெல்லாம் G பத்தியில் அன்றே எழுதிவிட வேண்டும். மழை, பக்கத்துக் கோயில் திருவிழா, சாலை மூடல், மட்டன் தீர்ந்தது, எதுவானாலும். ஒரு வருடம் கழித்து எண்களின் காரணம் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

இப்போது பெரியப்பாவின் கேள்விக்கு வருகிறேன். இந்த வருடம் ஆடி பிறந்தபோது இலைச் சாப்பாட்டின் விலையை இரண்டு ரிங்கிட் ஏற்றினார். இரண்டு மாதம் கழித்துக் கல்லாக் கணக்கு கொஞ்சம் ஏறியிருந்தது. பக்கத்துக் கடை காலியானது. "வியாபாரம் கூடுதுடா, அதையும் எடுத்து நாற்பது நாற்காலி போடலாம்" என்றார். கட்டட உரிமையாளர் மூன்று மாத வைப்புத் தொகை கேட்டார். சின்னப் பணம் இல்லை.

தாளை எடுத்து உட்கார்ந்தோம். விலை ஏறுவதற்கு முன் ஆனியில் நான்கு வாரம், ஏறிய பின் ஆவணியில் நான்கு வாரம், இரண்டிலும் திங்கள் முதல் வியாழன் வரை மத்தியானம் மட்டும். நடுவிலிருந்த ஆடியை வேண்டுமென்றே விட்டோம். அம்மன் கோயில் திருவிழாக்களும் கூழ் ஊற்றுவதும் விரதமுமாக அந்த மாதம் எதற்கும் அளவுகோல் ஆகாது. பொது விடுமுறை விழுந்த ஒரு திங்களைத் தள்ளி, அடுத்த வாரத் திங்களைச் சேர்த்துக்கொண்டோம்.

ஆனியில் நாளுக்குச் சராசரி 120 தலை, தலைக்கு 14.50, ஆக 1,740 ரிங்கிட். ஆவணியில் 108 தலை, தலைக்கு 16.60, ஆக 1,792.80. விற்பனை 52.80 கூடியிருக்கிறது. இதைப் பிரித்தால், 12 தலை குறைந்ததால் போனது 12 × 14.50, அதாவது 174. மீதி 108 பேரும் தலைக்கு 2.10 கூடுதலாகக் கொடுத்ததால் வந்தது 226.80. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் அதே 52.80. கடை வளரவில்லை. குறைந்த ஆட்களிடம் கூடுதல் பணம் வாங்கியிருக்கிறது.

அப்போ விலை ஏற்றியது தப்பா என்று பெரியம்மா கேட்டார். அதற்கும் இந்தத் தாள் 'ஆமாம்' என்று சொல்லவில்லை. சோறு, காய், ரசம், மோர், அப்பளம் எல்லாம் கேட்டுக் கேட்டுப் போடும் சாப்பாட்டில் ஓர் இலைக்குப் பொருள் செலவு ஐந்தரை ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். 12 இலை குறைந்ததில் 66 ரிங்கிட் மிச்சம். விற்பனையில் கூடிய 52.80-ஐயும் சேர்த்தால் நாளுக்கு 118.80 மேல். விலையைப் பொறுத்தவரை கடைக்கு லாபம்தான், இப்போதைக்கு. ஆனால் நாற்பது நாற்காலி என்ற கேள்வி வேறு. அறுபது நாற்காலியில் 120 பேர் உட்கார்ந்தபோது ஒவ்வொரு நாற்காலியும் இரண்டு முறை நிரம்பியது. 108 என்றால் இரண்டு முறைகூட இல்லை. காலியாகும் நாற்காலிக்குப் பக்கத்தில் புது நாற்காலி எதற்கு?

பெரியப்பா விடவில்லை. "வெள்ளிக்கிழமை வாசல்ல நிக்கிறாங்களே, அது கணக்குல வரலையே?" நியாயமான கேள்வி. தலை எண்ணிக்கையின் பெரிய குறை இதுதான். உட்கார்ந்தவர்களைத்தான் அது எண்ணும், இடமில்லாமல் திரும்பியவர்களை எண்ணாது. நிரம்பி வழியும் நாளில் தலை ஓர் உயரத்தில் முட்டி நின்றுவிடும், தேவை அதற்கு மேல் எவ்வளவு என்று தெரியாது. தாளில் அதன் அடையாளம், வாரம் தவறாமல் ஏறக்குறைய அதே எண் வருவது. வெள்ளி மத்தியானங்கள் 171, 168, 173, 170 என்று ஆடாமல் நின்றன. இவ்வளவு பெரிய எண் இவ்வளவு குறைவாக ஆடினால், கூரையில் முட்டுகிறது என்று பொருள். ஆகவே வெள்ளிக்கு மட்டும் எட்டாவது பத்தி ஒன்று சேர்த்தோம்: திரும்பிப் போனவர்கள். கல்லாவில் இருப்பவர் துண்டுக் காகிதத்தில் கோடு போட்டு எண்ணுவார்.

இதற்கிடையில் புரட்டாசி பிறந்தது. வாரநாள் மத்தியான விற்பனை 1,792-இலிருந்து 1,537-க்கு விழுந்தது. கடையில் எல்லாருக்கும் முகம் வாடியது. விலை ஏற்றியதன் பலன் இப்போதுதான் தெரிகிறது என்றார் ஒருவர். தாளில் பார்த்தால் 109 தலை, தலைக்கு 14.10. ஆட்கள் குறையவே இல்லை. மட்டன் பிரட்டலும் பொரித்த மீனும் நண்டும் பில்லில் இல்லை, அவ்வளவுதான். தலை அப்படியே நிற்க, செலவு மட்டும் இறங்கியது நம் விரத மாதத்தின் வடிவம். ஆட்கள் விலைக்குப் பயந்து விலகினால் வடிவம் நேர் எதிர்: செலவு நிற்கும் அல்லது ஏறும், தலை இறங்கும். ஐப்பசி பிறந்த பிறகும் தலைக்குச் செலவு 14 ரிங்கிட்டிலேயே நின்றால்தான் கவலைப்பட வேண்டும்.

அந்த 12 பேர் யார், எங்கே போனார்கள் என்று தாளுக்குத் தெரியாது. பெரியம்மாவுக்குத்தான் தெரிந்தது. கோமுட்டர் நிலையம் பக்கமிருந்து வாரத்துக்கு நாலு நாள் வந்த ஆலைப் பையன்கள் இப்போது இரண்டு நாள் வருகிறார்களாம். இலை வேண்டாம், ஒரு கறியோடு தட்டுச் சோறு கொடுங்க என்று கேட்டிருக்கிறார்கள். அதைத் தொடங்கினால் தலை ஏறும், தலைக்குச் செலவு இறங்கும், இலைக் கணக்கும் பில்லும் பொருந்தாது. தட்டுக்குத் தனி வரி வேண்டும். அதை ஏற்கெனவே சேர்த்து வைத்துவிட்டேன்.

பக்கத்துக் கடைக்கு வைப்புத் தொகை கொடுக்கவில்லை. வெள்ளிப் பத்தியில் முதல் நான்கு வாரம் திரும்பிப் போனவர்கள் 14, 9, 17, 11. வாரத்தில் ஒரு நாள், சராசரியாக 13 பேர். அவர்கள் அனைவரும் உட்கார்ந்து தலைக்கு 16.60 கொடுத்திருந்தாலும் வாரத்துக்கு 216 ரிங்கிட்டுக்குக் கொஞ்சம் குறைவு, அதிலும் பொருள் செலவு கழியும். பக்கத்துக் கடையின் மாத வாடகையை அந்தப் பக்கத்தில் எழுதி, பெரியப்பா இரண்டையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "வெள்ளிக்கு மட்டும் வெளியே ரெண்டு மேசை போட்டா போதுமா?" என்றார். அது எண்ணிப் பார்க்கக்கூடிய கேள்வி. மேசை போட்ட நாளை G பத்தியில் குறித்துவிட்டு, எட்டாம் பத்தி சுழியத்துக்கு வருகிறதா என்று இந்த வெள்ளியிலிருந்து பார்க்கிறோம்.